ஓதி ஊதிய கன்னமும் உள்ளே இறங்கிய சீழும்



வீங்கிய கன்னத்தைத் துப்பட்டாவாலோ துண்டாலோ மூடிக்கொண்டு மத்ரஸாவின் வாசலில் வந்து நின்று, "ஹஜ்ரத், கொஞ்சம் ஓதி விடுங்கள்" என்று கேட்பவர்களை நான் இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் ஓதியும் ஊதியும் அனுப்பியிருக்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் நான் சாடப்போவது பிறரை மட்டுமன்று. என்னையும் என் போன்ற ஆலிம்களையும் முதலில் நிறுத்தி வைத்துத்தான் பேசப்போகிறேன். ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. அது மார்க்கத்தில் உள்ளது. ஆனால் ஓதியதோடு அந்த மனிதரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது என் அறியாமை. அந்த அறியாமைக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டி இத்தனை ஆண்டுகள் வைத்திருந்தேன் என்பதே என் குற்றம்.

என்னிடம் ஓதும் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவன். அவனுடைய அத்தா மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். ஒரு புதன்கிழமை மஃரிபுக்குப் பிறகு அவன் இடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல் ஒன்று ஓராண்டாகவே சொத்தையாக இருந்தது என்றான். நான் ஓதி ஊதினேன். ஒரு கிராம்பைக் கொடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் காலையில் தாடையின் கீழ்ப்பக்கம் வீங்கியிருந்தது. அவன் அத்தா கடையில் சொல்லி, பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும் கலவை மாத்திரைகளை வாங்கி வந்தார். மாலைக்குள் வலி பாதியானது. வெள்ளிக்கிழமை வலி அறவே இல்லை. ஜும்ஆவுக்கு வந்தான். அல்ஹம்துலில்லாஹ் என்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம்.

சனிக்கிழமை ஃபஜ்ருக்குப் பின் பாடம். அவன் ஓதத் தொடங்கினான். லாமும் ராவும் குழைந்து விழுந்தன. ளாத் எழுத்து வரவேயில்லை. வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுபவனைப் போல அவன் குரல் அடைத்து வந்தது. மக்ரஜைச் சரியாகக் கொண்டு வா என்று நான் அதட்டினேன். இரண்டாவது முறையும் அதட்டினேன். அவன் பதில் சொல்லாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்தான். துண்டு முழுவதும் எச்சில் நனைந்திருந்தது. இரவெல்லாம் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கியதாக அவன் தம்பி அப்போதுதான் சொன்னான்.

எழுத்துகள் பிறக்கும் இடங்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்துகிறவன் நான். நாக்கின் நுனி எங்கே தொட வேண்டும், பக்கவாட்டு எந்தப் பல்லோடு சேர வேண்டும் என்று பலகையில் படம் வரைந்து காட்டுகிறவன். ஆனால் ஒரு பிள்ளையின் நாக்கு அதன் இடத்தில் இல்லை, மேலே தூக்கப்பட்டிருக்கிறது என்பதை அவன் ஓதியதிலிருந்து உணர எனக்குத் தெரியவில்லை. அவன் கவனக்குறைவாக ஓதுகிறான் என்று நினைத்தேன்.

எங்கள் தெருவில் செவிலியராகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் பிள்ளையைப் பள்ளியில் விட வந்தவர், அவனைப் பார்த்ததும் அருகில் வந்தார். வாயைத் திறக்கச் சொன்னார். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட அவனால் திறக்க முடியவில்லை. தாடைக்குக் கீழே கை வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் தொடங்கிய வீக்கம் முகவாய்க்கட்டைக்கு அடியில் வழிந்து வலப்பக்கமும் போயிருந்தது. அது மெத்தென்று இல்லை, மரக்கட்டையைப் போல இறுகியிருந்தது. "ஹஜ்ரத், இது இனிமே பல்வலி இல்லீங்க. மூச்சை அடைக்கப் போகுது. இப்பவே 108-க்குச் சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின் பொருளைப் பிறகு மருத்துவர்களிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை என் வாசகர்களுக்குக் கடமையாக எண்ணி எழுதுகிறேன்.

பல்லுக்குள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான சதை இருக்கிறது. சொத்தை மேலிருந்து துளைத்துக்கொண்டு அந்தச் சதையை அடையும்போதுதான் நாம் உயிர்போகும் வலி என்று சொல்லும் வலி வருகிறது. கவனிக்காமல் விட்டால் அந்தச் சதை செத்துவிடும். செத்ததும் வலி நின்றுவிடும். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். நோய் நிற்கவில்லை. செத்த சதையில் பெருகிய கிருமிகள் வேரின் நுனியில் உள்ள நுண்ணிய துளை வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகின்றன. அங்கே சீழ் கட்டுகிறது. எலும்பு விரிந்து கொடுக்காது. ஆகவே அழுத்தம் ஏறுகிறது, மறுபடியும் வலி. ஒரு கட்டத்தில் சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே உள்ள மெல்லிய தசைகளுக்குள் பாய்கிறது. அழுத்தம் இறங்கியதால் வலி மறுபடியும் குறைகிறது. வீக்கம் கூடிக்கொண்டிருக்கும்போதே வலி குறைந்தால், அது சுகமாவதன் அறிகுறி அன்று. எலும்புக்குள் அடைபட்டிருந்தது வெளியே வந்துவிட்டது என்பதன் அறிகுறி. எங்கள் வெள்ளிக்கிழமை மகிழ்ச்சி அத்தகையது.

வெளியே வந்த சீழ் எங்கே போகும் என்பதை உப்பளத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாத்தியில் தேங்கிய நீர் வரப்பு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கேதான் உடைத்துக்கொண்டு போகும். பல்லின் வேரும் அப்படித்தான். அதிர்ஷ்டம் இருந்தால் ஈறுப் பக்கம் உடைத்துக்கொண்டு வாய்க்குள் ஒரு கொப்புளமாக வெளியேறும். கன்னத்துப் பக்கம் போனால் கன்னம் வீங்கும். ஆனால் கீழ்த்தாடையின் கடைசி இரண்டு பற்களுக்கு, அதாவது இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கும் ஞானப் பல்லுக்கும், நாக்குப் பக்கத்து எலும்பு மெல்லியது. நாக்குக்கு அடியில் வாயின் தரையைப் போல ஒரு தசை விரிந்திருக்கிறது. அந்தப் பற்களின் வேர் நுனி பெரும்பாலும் அத்தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். அங்கே உடைத்துக்கொண்ட சீழ் நேரே தாடைக்கு அடியில் கழுத்தின் மேற்பகுதிக்குள் விழுகிறது. அங்கிருந்து தசையின் பின்விளிம்பைச் சுற்றி நாக்கடிக்கு ஏறலாம். மறுபக்கத்துக்கும் தாண்டலாம். இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டால் கீழே இறங்கக் கழுத்துத் தசையும் தோலும் இடம் தருவதில்லை. ஆகவே அந்த வீக்கம் நாக்கை மேலேயும் பின்னேயும் தள்ளுகிறது. பின்னே இருப்பது மூச்சுப் பாதை.

இந்நோயை 1836-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெடரிக் ஃபொன் லுத்விக் விவரித்து எழுதினார். அதனால் இன்றும் மருத்துவர்கள் இதை லுத்விக் ஆஞ்ஜைனா என்கிறார்கள். நெஞ்சுவலிக்குச் சொல்லும் ஆஞ்ஜைனா வேறு, இது வேறு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது நெரித்தல் என்னும் பழைய இலத்தீன் பொருள் மட்டுமே. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வருவதற்கு முன் இந்நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள். இன்று அந்நிலை இல்லை. ஆனால் இன்றும் இறப்பவர்கள் இருக்கிறார்கள், மூச்சு அடைத்தே பெரும்பாலும் இறக்கிறார்கள். அதற்கு நாள்கள் தேவையில்லை, சில மணி நேரம் போதும்.

எங்கள் பிள்ளையைப் புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஆம்புலன்ஸில் அவனைப் படுக்க வைக்க நான் முயன்றேன். உடன் வந்த பணியாளர் தடுத்து, அவனை முன்பக்கம் சாய்ந்து உட்காரச் சொன்னார். மல்லாந்தால் அந்த வீங்கிய நாக்கு இன்னும் பின்னால் விழும் என்று அவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி. மருத்துவமனையில் முதலில் யாரும் பல்லைப் பார்க்கவில்லை. அவன் எப்படி மூச்சு விடுகிறான் என்பதையே பார்த்தார்கள். மயக்க மருத்துவர் ஒருவர் ஓடி வந்தார். நுனியில் கேமரா பொருத்திய குழாயை அவன் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக இறக்கி, மூச்சுக்குழாய்க்குள் வழி செய்துவிட்டுத்தான் மயக்க மருந்து கொடுத்தார்கள். முதலில் மயக்கிவிட்டால் தசைகள் தளர்ந்து, இருக்கிற கொஞ்சம் வழியும் அடைத்துவிடுமாம். அந்தக் குழாய் போகாவிட்டால் கழுத்தில் துளையிட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே அவன் அத்தாவிடம் கையொப்பம் வாங்கியிருந்தார்கள். அவர் கையொப்பமிட்ட கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

தாடைக்கு அடியில் இருபுறமும் கீறினார்கள். படி கணக்கில் சீழ் வரும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். வந்தது நாற்றமடிக்கும் கலங்கிய நீர், அதுவும் கொஞ்சம்தான். சீழே இல்லையே, வீணாகக் கீறிவிட்டார்களோ என்று அவன் அத்தா என்னிடம் முணுமுணுத்தார். இந்நோயின் தன்மையே அதுதான் என்று பிறகு விளக்கினார்கள். இது ஓரிடத்தில் திரண்ட கட்டி அன்று, தசைகளுக்கிடையே பரவிய அழற்சி. கீறுவது சீழ் எடுக்க மட்டுமன்று, உள்ளே ஏறிய அழுத்தத்தை இறக்கவும்தான். அந்தக் கீறல்களில் ரப்பர் வடிகால் வைத்தார்கள், அதே நேரத்தில் அந்தச் சொத்தைப் பல்லையும் பிடுங்கினார்கள், நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் மூச்சுக்குழாய் எடுக்கப்பட்டது. பதினொன்றாம் நாள் வீடு வந்தான்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். இந்தப் பிள்ளை அந்நிலைக்குப் போகப் புதன் முதல் சனி வரை மூன்று நாள்கள் இருந்தன. ஏன், ஓராண்டு இருந்தது. அந்தக் காலத்தை நாம் எதில் செலவிட்டோம்?

முதலாவது, கிராம்பும் உப்பும். கிராம்பு எண்ணெய் நரம்பைச் சற்று மரத்துப்போகச் செய்யும், உண்மை. கிருமி இருப்பது வேர் நுனிக்கு அப்பால், எலும்புக்குள். கிராம்பு அங்கே போகாது. உப்பளத்து ஊரில் உப்புதான் எல்லாப் புண்ணுக்கும் மருந்து என்ற நம்பிக்கை வலுவானது. வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளிப்பதை மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆனால் கொப்பளித்த நீர் வாயைக் கழுவும், தாடைக்குள் நுழையாது. கன்னத்தின் வெளியே சூட்டு ஒத்தடம் கொடுப்பதும், ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்துக் கடிப்பதும் தீங்கு செய்யக்கூடியவை. பின்னதால் ஈறு வெந்துபோகும்.

இரண்டாவது, கடைப் பொட்டலம். மருத்துவமனையில் அந்தப் பொட்டலத்தைக் கொண்டு வரச் சொன்னார்கள். பெயரில்லாத மாத்திரைகள். அவற்றில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று மருத்துவர் ஐயுற்றார். அது வீக்கத்தையும் வலியையும் விரைவில் அமுக்கும், கூடவே உடல் கிருமியோடு போராடும் வலிமையையும் அமுக்கும். வலி மாத்திரை காய்ச்சலையும் மறைத்துவிடும். பார்ப்பவருக்கு நோயாளி தேறுவதாகத் தெரியும். சரி, பொட்டலத்தில் உண்மையான ஆன்டிபயாட்டிக் மாத்திரையே இருந்ததாக வைத்துக்கொள்வோம். மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் பயணம் செய்யும். செத்துப்போன பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. சீழ்ப் பைக்குள்ளும் இல்லை. ஆகவே பரவுவதை அது தடுக்கலாம், ஊற்றை வற்றச் செய்யாது. பல்லைப் பிடுங்க வேண்டும், அல்லது வேர்ச் சிகிச்சை செய்து உள்ளே சுத்தம் செய்ய வேண்டும், சீழ் இருந்தால் வெளியேற்ற வேண்டும். மாத்திரை தின்றதும் அடங்கி, மாதம் ஒன்று கழித்து மறுபடி வீங்கி, மறுபடி மாத்திரை தின்று வாழும் குடும்பங்கள் எங்கள் மஹல்லாவிலேயே பல உண்டு.

மூன்றாவது, பல்லைப் பிடுங்குவது பற்றிய அச்சங்கள். வீக்கம் வற்றிய பிறகுதான் பிடுங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் பிள்ளைக்கு மரக்கட்டை போன்ற வீக்கத்தோடேயே பிடுங்கினார்கள். சில வேளைகளில் மருத்துவரே ஓரிரு நாள் தள்ளிப்போடலாம், அது அவர் பார்த்து எடுக்கும் முடிவு. வீட்டில் இருந்துகொண்டு நாம் எடுக்கும் முடிவன்று.

மேல் வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது இன்னொன்று. இதைப் படித்த பட்டதாரிகளும் நம்புகிறார்கள். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லைப் பிடுங்கியதால் கண் போகாது. உண்மை நேர்மாறானது. கெட்டுப்போன மேல் பல்லைப் பிடுங்காமல் விட்டால்தான் கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து வரக்கூடும். மேல் கோரைப் பல்லின் சீழ் மூக்குக்கும் கன்னத்துக்கும் இடையே வீங்கி, கண்ணின் கீழிமையை மூடும். அந்தப் பகுதி இரத்தக் குழாய்கள் கண் குழி வழியாக மூளையின் அடியில் உள்ள இரத்தத் தேக்கத்தோடு இணைந்திருக்கின்றன. கிருமி அந்த வழியே பின்னோக்கிப் போய் இரத்தத்தை அங்கே உறையச் செய்யக்கூடும். இது அரிது. ஆனால் வந்தால் கொடியது.

பல்லிலிருந்து மூளை வரை என்றதும் மிகைப்படுத்துகிறேன் என்று சிலர் எண்ணலாம். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் டியமாண்டே டிரைவர் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் இருந்தான். ஏழைக் குடும்பம். அவன் தம்பிக்குப் பல் சொத்தை அதிகம். தாய் அந்தத் தம்பிக்காகவே பல் மருத்துவரைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். டியமாண்டே தன் பல் வலிக்கிறது என்று சொல்லவேயில்லை. 2007 ஜனவரியில் ஒருநாள் தலைவலி என்று சொன்னான். மருத்துவமனையில் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் நிலைமை மோசமானது. சீழ்பிடித்த பல்லிலிருந்து கிருமி மூளைக்குப் பரவியிருந்தது. இரண்டு முறை மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள், பல்லையும் எடுத்தார்கள். அவன் தேறி வருவதாகவே தோன்றியது. 2007 பிப்ரவரி 25 அன்று இறந்துபோனான். அந்தப் பல்லை முன்பே பிடுங்கியிருந்தால் 80 டாலர் ஆகியிருக்கும் என்றும், சிகிச்சைக்கு ஆன செலவு இரண்டரை இலட்சம் டாலர் வரை போனது என்றும் அந்நாட்டு நாளேடுகள் எழுதின. அமெரிக்க நாடாளுமன்றம் வரை அவன் பெயர் போயிற்று. செல்வம் கொழிக்கும் நாட்டில், பெரிய மருத்துவமனைகள் சூழ இருந்த ஓரிடத்தில் நடந்தது இது.

இங்கே நம்மவரில் சிலர், ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்பார்கள். ஆம், இருக்கிறது. அதைச் சொல்பவரே தம் வீட்டுக் கிணற்று மோட்டார் பழுதானால் அன்றைக்கே மெக்கானிக்கை அழைத்து வருகிறார். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருப்பது மக்தப் பிள்ளைக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே, பல் என்று வந்தால் மட்டும் அது நோயே அல்ல என்று நாம் நடந்துகொள்கிறோம்.

பெண்கள் விஷயத்தில் நம் தாமதம் இன்னும் கொடியது. முகத்திரைக்குள் இருக்கும் வீக்கத்தை வெளியார் பார்ப்பதில்லை. வீட்டில் உள்ளவர்களும் அவள் அடுப்படியில் நிற்கும்வரை கேட்பதில்லை. ஆண் மருத்துவர் வாய்க்குள் கை வைப்பாரே என்று அவளும் சொல்வதில்லை. பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் போவது சிறப்பு, சந்தேகமில்லை. கிடைக்காதபோது நிர்ப்பந்தத்தின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டலாம் என்பதில் நம் இமாம்களிடம் தடையில்லை. மஹ்ரமான ஒருவர் உடன் நிற்கட்டும். பெண் மருத்துவர் வரும் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கலாம் என்று கழுத்து வீங்கிய பெண்ணை வீட்டில் வைத்திருப்பவர் பர்தாவைக் காக்கவில்லை. ஆண்களுக்கும் இதே போன்ற ஒரு திரை உண்டு. அடர்ந்த தாடி தாடைக்கு அடியிலுள்ள வீக்கத்தை முழுமையாக மறைத்துவிடும். தாடி வைத்தவர் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

ரமளான் பற்றியும் ஒரு சொல். நோன்பிருக்கையில் பல் பிடுங்குவதால் மட்டும் நோன்பு முறிந்துவிடாது. இரத்தமோ மருந்தோ வேண்டுமென்றே விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருப்பவரோ நோயாளி என்னும் சலுகைக்கு உரியவர். அவர் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்துகொள்ளலாம். இஃப்தார் வரைக்கும் பொறுத்துப் போகலாம் என்று அவரைத் தடுக்க எந்த ஹஜ்ரத்துக்கும் உரிமையில்லை.

எல்லாக் கன்ன வீக்கமும் உயிரைப் பறிப்பதில்லை. பெரும்பாலானவை பல் மருத்துவரின் நாற்காலியிலேயே முடிந்துவிடும். கன்னம் மட்டும் வீங்கி, வாய் நன்றாகத் திறந்து, சாப்பிடவும் விழுங்கவும் முடிகிறது, காய்ச்சல் இல்லை என்றால் அன்றைக்கோ மறுநாளோ பல் மருத்துவரைப் பார்த்தால் போதும். அடுத்த வாரம் அன்று. இடையில் வேறு எது மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நான் இப்போது முதலில் பார்ப்பது வாய். நல்ல நிலையில் ஒரு மனிதர் தம் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கிப் பற்களுக்கிடையே நுழைக்க முடியும். இரண்டு விரல் நுழையவில்லை என்றால் மெல்லும் தசைகளை நோய் எட்டிவிட்டது. அடுத்தது எச்சில். சொந்த எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிடுகிறவர் அவசர நோயாளி. பிறகு குரல். அடைத்து, குழைந்து, வாய்க்குள் ஏதோ வைத்திருப்பதைப் போல ஒலித்தால் நாக்கு தூக்கப்படுகிறது. தாடை எலும்பின் கீழ்விளிம்பைத் தாண்டி வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தாலோ, இருபுறமும் பரவி இறுகியிருந்தாலோ, காலையில் இருந்ததைவிட மாலையில் கண்கூடாக வளர்ந்திருந்தாலோ, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்க விரும்பினாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ, இனிப் பல் மருத்துவரின் சிறு கிளினிக்கைத் தேடி அலையக் கூடாது. பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மேல் பல்லாக இருந்தால் கண்ணைப் பார்க்க வேண்டும். இமை மூடிக்கொள்ளுதல், கண் பிதுங்குதல், எதுவும் இரண்டாகத் தெரிதல், கடும் தலைவலி, அசாதாரணத் தூக்கம், பிதற்றல் ஆகிய எதுவும் அன்றே, அந்த மணி நேரமே காட்ட வேண்டியவை. குளிரோடு வரும் காய்ச்சலும் அப்படியே.

சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்த அளவுகோல்களில் ஒன்றும் வரும்வரை காத்திருக்கக் கூடாது. நம் சமூகத்தில் அந்நோய் எந்த வீட்டில் இல்லை? அவர்களுக்குக் கிருமி விரைந்து பரவும், கிருமி பரவினால் சர்க்கரை ஏறும், ஏறினால் இன்னும் பரவும். கர்ப்பிணிகளும், சிறு குழந்தைகளும், ஸ்டீராய்டோ புற்றுநோய் மருந்தோ எடுப்பவர்களும் இவ்வாறே.

கீழ்புத்துப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினால் புதுச்சேரி தொலைவில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐ அழைக்க வேண்டும், இரு சக்கர வாகனத்தில் இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோவதை நான் கண்டிருக்கிறேன், அது வேண்டாம். உட்கார்ந்த நிலையிலேயே அழைத்துச் செல்ல வேண்டும். தூக்க மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது. அதுவரை தின்ற மாத்திரைகளின் அட்டையையும் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், பெயர் தெரியாததாக இருந்தாலும். போய்ச் சேர்ந்ததும் 'பல்வலி' என்று சொல்லி வரிசையில் நிற்காமல், 'கழுத்து வீங்கி வாய் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொற்கள் கேட்பவரை எழுந்து வரச் செய்யும்.

ஆலிம்களே, உங்களிடமும் ஒரு கோரிக்கை. மக்கள் மருத்துவரிடம் போகுமுன் நம்மிடம் வருகிறார்கள். அந்த நம்பிக்கையை நாம் நல்லபடியாகப் பயன்படுத்தலாம். ஓதுங்கள், ஊதுங்கள். ஓதும் முன் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். தாடைக்கு அடியில் வீக்கம் கண்டால் ஓதுவதை வண்டியில் ஏறிய பிறகு, போகும் வழியில் செய்துகொள்ளுங்கள். எனக்கு இது நேர்ந்த பிறகு சில தோழர்களிடம் சொன்னேன். ஒருவர், இதெல்லாம் நம் வேலையா என்றார். நம் வேலையில்லை என்றால், வீங்கிய கன்னத்துக்கு ஓதுவதும் நம் வேலையில்லை என்று சொல்லி அவர்களை முதலிலேயே அனுப்பியிருக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு பாதியில் கைகழுவ முடியாது.

எங்கள் மத்ரஸாவில் இப்போது மாதம் ஒருமுறை, சனிக்கிழமைப் பாடத்துக்கு முன், ஒரு டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் வாயைப் பார்க்கிறோம். கரும்புள்ளியோ குழியோ தெரிந்தால் வீட்டுக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறோம். ஆரம்பத்தில் பல பெற்றோர்கள் சிரித்தார்கள். ஹஜ்ரத் பல் டாக்டர் ஆகிவிட்டார் என்ற பேச்சும் எழுந்தது. எழட்டும்.

அந்தப் பிள்ளைக்குத் தாடைக்கு அடியில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. அரும்பத் தொடங்கியிருக்கும் தாடி அவற்றை விரைவில் மறைத்துவிடும். வாய் முழுமையாகத் திறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. லாம் முதலில் வந்தது, ரா பிறகு வந்தது, ளாத் கடைசியில் வந்தது. வலப்பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல்லிலும் ஒரு கரும்புள்ளி இருந்தது. அதைச் சென்ற மாதம் அவன் அத்தா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அழைத்துப்போய் அடைத்துக்கொண்டு வந்தார்.